காதுக்குத் தெரிந்த தமிழ், கைக்குத் தெரியாத தமிழ்: பதினாறு வாரத்தில் எந்த வழி?

என் அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் எல்லாரும் பேசும் தமிழ் அவளுக்கு முழுக்கப் புரியும். பாட்டியிடம் தமிழிலேயே சண்டை போடுவாள். ஆனால் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பத்தாம் வகுப்பு அளவிலான தமிழ்த் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்ட பிறகுதான் இது ஒரு பிரச்சினை என்று வீட்டில் உறைத்தது. கையில் இருந்தது பதினாறு வாரம். "வார இறுதி வகுப்புல சேர்த்துடட்டுமா, இல்ல பழைய கேள்வித்தாளை வச்சுப் பழக்கட்டுமா, இல்ல நீயே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறியா?" என்று அக்கா கேட்டாள். வகுப்பு, கேள்வித்தாள், வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவது என்ற இந்த மூன்றையும்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன். நானே சில வருடங்கள் அப்படி ஒரு வார இறுதி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள், அதனால் அதைப் பற்றிச் சொல்வதில் கொஞ்சம் சுயவிமர்சனமும் இருக்கும்.

எந்த வழி என்று பார்க்கும் முன் மதிப்பெண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அவளுடைய தேர்வில் கேட்டலுக்கு 20, பேச்சுக்கு 20, படித்துப் புரிந்துகொள்வதற்கு 30, எழுத்துக்கு 30. முதல் இரண்டிலும் அவள் ஏற்கெனவே நன்றாக இருந்தாள். ஒரு மாதிரித் தாளின் கேட்டல் பகுதியை நானே சத்தமாக வாசித்துக் கேள்வி கேட்டேன். இருபதுக்குப் பதினேழு வந்தது. தவறிய மூன்றும் அவள் வீட்டில் கேட்டே இராத சொற்களால் வந்தவை. ஆக, எந்த வழியைத் தேர்ந்தாலும் அது மிச்சமுள்ள 60 மதிப்பெண்ணுக்கு உதவ வேண்டும். பேச்சுப் பயிற்சியில் மணிக்கணக்காகச் செலவிடும் வழி அவளுக்கு வேண்டியதில்லை.

முதலில் வார இறுதி வகுப்பு. இதில் அரிச்சுவடி வரிசையில் போவார்கள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அப்புறம் ககர வரிசை, ஙகர வரிசை என்று உயிர்மெய் 216, ஆய்தத்தோடு சேர்த்து 247. வாரத்துக்கு ஒரு வரிசை என்று வைத்தாலே உயிர்மெய்க்கு மட்டும் பதினெட்டு வாரம் ஆகிவிடும். நமக்கு இருப்பதோ மொத்தமே பதினாறு. கணக்கு இங்கேயே இடிக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைகளுக்காக அமைத்த வேகம் அது. அந்தக் குழந்தைகளுக்கு அதில் தவறொன்றும் இல்லை. பக்கத்தில் அணில் படத்துக்கு வண்ணம் தீட்டும் ஐந்து வயதுக்காரரோடு ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை உட்கார வைத்தால் மூன்றாவது வாரம் அவளுக்குத் தலைவலி வரும். என் வகுப்பில் அப்படி இரண்டு பேருக்கு வந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், 247 என்ற எண்ணே பயமுறுத்துகிற எண். உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியது அவ்வளவு இல்லை. உயிரும் மெய்யும் சேர்த்து முப்பது வடிவம், அவற்றோடு ஆ, எ, ஏ, ஐ போன்றவற்றுக்கான குறிகள். அந்தக் குறிகள் எந்த மெய்யோடு சேர்ந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். இகரத்தில் டி, டீ மட்டும் கொஞ்சம் முகம் மாறும். நிஜமாகவே ஒவ்வொன்றாகப் பழக வேண்டியவை உகர, ஊகார வரிசைகள்தான். கு, சு, து, ரு, கூ, சூ, தூ, ரூ என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் வளையும். இதைத் தெரிந்துகொண்டால் எழுத்துப் பாடத்தை மூன்று வாரத்தில் முடிக்கலாம். வரிசை வரிசையாகப் போகிற வகுப்பில் இந்தச் சுருக்கு வழிக்கு இடமே இருக்காது, ஏனென்றால் ஙகர வரிசைக்கும் மகர வரிசைக்கும் அங்கே ஒரே மரியாதை. 'ஙூ' எழுதிப் பழகிய குழந்தைகள் வாழ்நாளில் அதை எங்கும் படிக்கப் போவதில்லை.

இரண்டாவது வழி, பழைய கேள்வித்தாள். எழுத்து சரியாகத் தெரியாமலே, ஆங்கில எழுத்தில் குறிப்பெடுத்து, மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்து போவது. அவசரத்தில் பலரும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். இதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். தேர்வுத் தாளின் கட்டளை மொழி வீட்டில் யாரும் பேசாத மொழி. 'பின்வரும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி', 'கோடிட்ட இடங்களை நிரப்புக', 'எதிர்ச்சொல் எழுதுக', 'பொருத்துக'. வினா, விடை, பத்தி, கருத்து என்று வீட்டில் யார் சொல்வார்கள்? கேள்வி, பதில் என்பதோடு சரி. இப்படி ஒரு நாற்பது சொல் இருக்கும். அவற்றை எழுத்துக் கூட்டாமல், பார்த்ததும் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழகிவிட வேண்டும். பழைய தாள்கள் இதற்கு உதவும்.

ஆனால் ஆங்கில எழுத்தில் குறிப்பெடுப்பது ஆபத்து. `palam` என்று எழுதி வைத்தால் அது பலமா, பழமா, பாலமா? `manam` என்றால் மனமா, மணமா, மானமா? எழுதும்போது அவள் காதில் சரியான சொல் இருக்கும். ஒரு வாரம் கழித்துத் தமிழில் எழுத உட்காரும்போது எந்த ல, எந்த ன என்பது அந்தக் குறிப்பில் இருக்காது. எது குழப்பமோ, அதுவே அதில் அழிந்துபோகிறது. கைபேசியில் ஆங்கில எழுத்தால் தட்டி எழுதுவதும் இதே மாதிரிதான். `amma` என்று தட்டினால் அம்மா வந்துவிடும், நான்கு சொல்லைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அவள் செய்வது சரியான சொல்லை அடையாளம் காண்பது மட்டுமே. தேர்வில் வெறும் தாளைக் கொடுத்து எழுதச் சொல்கிறார்கள், அங்கே பரிந்துரைக்க யாரும் இல்லை.

மூன்றாவது வழியைத்தான் தேர்ந்தோம். தெரிந்த சொல்லிலிருந்து எழுத்துக்குப் போவது, தினமும் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். வகுப்பு வாரத்துக்கு இரண்டு மணி என்றால் பதினாறு வாரத்தில் 32 மணி. இது 40 மணி. நேர வித்தியாசத்தைவிட இடைவெளிதான் முக்கியம். ஏழு நாளுக்கு ஒருமுறை பார்க்கிற எழுத்து அடுத்த வாரம் மறுபடி புது எழுத்தாகிவிடும்.

முதல் நாள் க, ட, த, ப, ம, ல என்று ஆறு எழுத்து, ஆகாரக் கால், மேலே புள்ளி. அவ்வளவுதான். இதை வைத்தே கல், கால், பல், பால், படம், பாடம், கடல், மாதம், பக்கம், பாகம், பட்டம் எல்லாம் படிக்கலாம். 'காதல்' என்று எழுதிக் காட்டியதும் அவள் சிரித்துவிட்டாள். இந்தச் சொற்களை நான் வேண்டுமென்றேதான் தேர்ந்தேன். கல்லும் காலும், படமும் பாடமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குறிலும் நெடிலும் விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும். பக்கம், பாகம் இரண்டிலும் ஒரே ககரம்தான், ஆனால் ஒலி வேறு. தமிழ் கேட்டே இராத ஒருவருக்கு இதற்கு விதி சொல்ல வேண்டும்: சொல்லின் முதலிலும் இரட்டித்தாலும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு இடையிலும் மெல்லொலி. இவளுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'பாக்கம்' மாதிரி எதையோ படித்துவிட்டு, அப்படி ஒரு சொல் வீட்டில் இல்லையே என்று தானே 'பாகம்' என்று திருத்திக்கொண்டாள். வீட்டில் மொழியைக் கேட்டு வளர்ந்தவருக்கு இருக்கிற பெரிய சொத்து இதுதான், தவறாகப் படித்தால் காதே திருத்தும். அரிச்சுவடி வரிசையில் தனி எழுத்தாகப் படிக்கும்போது காதுக்கு அங்கே வேலையே இல்லை.

கண் தடுமாறுகிற இடங்கள் வேறு. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஆனால் பின்னால் ஒலிக்கும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிப்பவள் 'போ' என்பதை 'ஏபா' என்றாள். அதற்கு ஒரு வாரம் ஆனது. கொம்பைக் கண்டால் நின்று, அடுத்த எழுத்தை முதலில் பார்க்கச் சொன்னேன். 'பொ'வையும் 'பெர' என்பதையும் பல அச்செழுத்துகளில் பிரித்துப் பார்ப்பது பெரியவர்களுக்கே கஷ்டம், காலும் ரகரமும் அவ்வளவு நெருக்கம். 'பெரிய', 'பொய்' என்று சொல்லோடு பார்த்தால்தான் தெளியும்.

இந்த வழியின் கெட்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்காவது வாரத்தில் அவள் வேகமாகப் படிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சந்தேகம் வந்தது. 'அவர்கள் வந்தார்கள்' என்று தாளில் இருந்ததை 'அவங்க வந்தாங்க' என்று வாசித்தாள். எழுத்தைப் படிக்காமல், முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மிச்சத்தைக் காதிலிருந்து நிரப்பிவிட்டாள். பத்தி புரிவதற்கு இது போதும், அந்த 30 மதிப்பெண்ணில் பெரும்பகுதி இப்படியே வந்துவிடும். எழுதும்போதுதான் அடி விழும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பொருளே இல்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள்: கொமிடு, பெலகம், தூணப்பு. காது உதவாத இடத்தில் எழுத்து தெரிந்தால் மட்டுமே படிக்க முடியும். அவள் பத்தில் ஆறைத்தான் சரியாகப் படித்தாள். உகர வரிசையிலும் கொம்பிலும் ஓட்டை இருந்தது தெரிந்தது. அப்போதுதான் அரிச்சுவடி அட்டவணையை வெளியே எடுத்தேன். தெரிந்தவற்றை அடித்துவிட்டு மிச்சமுள்ள கட்டங்களை நிரப்பச் சொன்னேன். முதல் நாளே சலிப்பூட்டியிருக்கும் அட்டவணை ஐந்தாவது வாரத்தில் அவளுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆகிவிட்டது.

எழுத்து முடிந்த பிறகுதான் நிஜமான வேலை தொடங்கியது. மூன்று வழிகளையும் ஒப்பிட்டதில் எனக்குத் தீர்மானமாகத் தோன்றியதும் இதனால்தான். எழுத்தை எந்த வழியிலும் கற்றுக்கொள்ளலாம். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றும் பழக்கத்துக்குத்தான் மாதங்கள் வேண்டும். எந்த வழி நம்மைச் சீக்கிரம் அங்கே கொண்டுபோய் விடுகிறதோ அதுதான் நல்ல வழி. வகுப்பில் பதினாறு வாரத்தில் அங்கே போகவே மாட்டோம். கேள்வித்தாள் வழியில் மனப்பாடம் அந்த வேலையை மறைத்துவிடும், தலைப்பு கொஞ்சம் மாறினால் கை நின்றுவிடும்.

ஏழாவது வாரம் அவள் எழுதிய முதல் பத்தி இது:

"நேத்து நாங்க எல்லாரும் மாமா வீட்டுக்கு போனோம். அங்க ஒரு பெரிய மரத்துல ஊஞ்சல் கட்டி இருந்தாங்க. மழ பெஞ்சதால வெளிய போக முடியல."

எழுத்து வடிவத்தில் ஒரு பிழை இல்லை. 'ஊஞ்சல்' சரியாக வந்திருக்கிறது. ஆனால் திருத்தினால் இப்படி ஆகும்: "நேற்று நாங்கள் எல்லாரும் மாமா வீட்டுக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய மரத்தில் ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். மழை பெய்ததால் வெளியே போக முடியவில்லை." எண்ணிப் பார்த்தால் பத்துச் சொல் மாறியிருக்கிறது. சிவப்பு மையால் பத்து வட்டம் போட்டுக் கொடுத்திருந்தால் அவள் பேனாவை மூடியிருப்பாள். "சித்தி, நீங்க பேசுறதத்தானே எழுதினேன்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பத்தையும் நான் வகை பிரித்தேன். நாங்க, இருந்தாங்க இரண்டும் ஒரே நோய், கடைசியில் 'ங்க' என்று கேட்டால் கள் தேட வேண்டும். அங்க, வெளிய, மழ மூன்றிலும் கடைசி உயிர் தேய்ந்திருக்கிறது. அங்கே, வெளியே, மழை. மரத்துல என்பதில் 'ல' இல் ஆக வேண்டும். நேத்து, காத்து, சோத்துக்கு எல்லாம் ற்ற. பெஞ்சது, முடியல இரண்டும் வினை வடிவங்கள், அவற்றைப் பட்டியலாகத்தான் பழக வேண்டும்: வரேன் வருகிறேன், படிச்சேன் படித்தேன், பாத்துக்கிட்டு பார்த்துக்கொண்டு. மிச்சம் 'வீட்டுக்குப்' என்ற ஒற்று. வல்லினம் மிகும் இடங்கள் எல்லாவற்றையும் கற்பிக்க நேரமில்லை, தேவையும் இல்லை. ஐ, கு என்று முடியும் வேற்றுமைக்குப் பின்னும் அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்னும் போடு என்று மட்டும் சொன்னேன். புத்தகத்தைப் படித்தேன், பள்ளிக்குப் போனேன், அந்தப் பையன். ஒரு பள்ளிக் கட்டுரையில் வருகிற பெரும்பாலான ஒற்றுகள் இவற்றிலேயே அடங்கிவிடும்.

வாரத்துக்கு ஒரு வகை. மற்றவை தவறாக இருந்தாலும் அந்த வாரம் தொடுவதில்லை என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். இது பெற்றோருக்குச் சுலபமாக வராது. அக்கா ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தியதில் இரண்டு நாள் பாடம் நின்றது.

ஒரு விதியை மட்டும் கொஞ்சம் பயந்தே சொல்லிக் கொடுத்தேன். பேச்சில் எல, வெல, எடம், கொடம், ஒடம்பு என்பதெல்லாம் எழுத்தில் இலை, விலை, இடம், குடம், உடம்பு. முதல் அசையில் இருக்கிற இ, உ இரண்டும் அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் எ, ஒ ஆகிவிடும். இதைக் கேட்டதும் அவள் உற்சாகமாக எல்லா ஒகரத்தையும் உகரமாக்கினாள். தொடர் 'துடர்' ஆனது. கொலை 'குலை' ஆனது, அது வேறு சொல். பேச்சிலிருந்து எழுத்துக்குத் திரும்பும் பாதையில் இந்த விதி நம்பகமானதில்லை. அதனால் அதை எடுத்துவிட்டு, இப்படி மாறுகிற முப்பது சொல்லைப் பட்டியலாகவே கொடுத்தேன்.

ல, ள, ழ, அப்புறம் ர, ற, ந, ன, ண. இவற்றில் பாதிக்கு விதி உண்டு. சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும் ந, டகரத்துக்கு முன் ண, றகரத்துக்கு முன் ன. நண்டு, பந்து, கன்று என்ற மூன்று சொல்லை நினைவில் வைத்தால் போதும். உயிர்களுக்கு நடுவில் வருகிற மனம், மணம், கரி, கறி போன்றவற்றுக்கும் மூன்று லகரத்துக்கும் குறுக்கு வழி இல்லை. அவள் வீட்டில் ழகரமும் ளகரமும் ஒன்றாகத்தான் ஒலிக்கும், அதனால் காதும் உதவாது. பார்த்துப் பழகுவதுதான். தான் தவறாக எழுதிய சொற்களை ஒரு சின்ன நோட்டில் சேர்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அதில் அறுபது சொல் இருந்தது.

இந்த வழி எல்லாருக்கும் பொருந்தாது. முதல் நாளே ஒரு சோதனை செய்து பாருங்கள். அன்றாடச் சொல் ஐம்பதைச் சொல்லி, எத்தனைக்குப் பொருள் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்குக் குறைவென்றால் சாய்ந்துகொள்ளக் காது இல்லை, அப்போது வகுப்புதான் நல்லது, தேர்வையும் முடிந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். வீட்டில் யாருக்கும் தமிழ் எழுதத் தெரியாவிட்டாலும் இதைத் தனியாகச் செய்ய முடியாது, வாரத்துக்கு ஒருமுறையாவது பத்தியைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். ஓர் ஆண்டுக்கு மேல் நேரம் இருக்கிறதென்றால் வகுப்புக்கும் இதற்கும் இடையே நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்க மாட்டேன்.

கடைசி மூன்று வாரத்துக்குப் பழைய தாள்களை எடுத்தோம், கடிகாரம் வைத்துக் கையால் எழுதினாள். முதல் தாளில் கட்டுரை பாதியில் நின்றுவிட்டது. தெரியாததால் இல்லை, கை மெதுவாகப் போனதால். இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பதினைந்து வயதில் ஆங்கிலத்தில் பறக்கிற கை தமிழில் ஒன்றாம் வகுப்புக் கைதான். அதன் பிறகு தினமும் பத்து நிமிடம் வெறுமனே பார்த்து எழுதும் பயிற்சியைச் சேர்த்தோம். அதை ஏழாவது வாரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். தேர்வு நாளில் கட்டுரையை முடித்துவிட்டாள், கடைசி வரியில் 'மகிழ்ச்சி' என்று ழகரம் சரியாகப் போட்டதாக வெளியே வந்ததும் சொன்னாள். 'பள்ளி' என்பதில்தான் சந்தேகம் வந்து இரண்டு முறை அடித்து எழுதினாளாம்.